கேமராவுக்கு மிக அருகில் இருப்பது எது? தோட்டப் பள்ளி ஒன்றை 360 பாகையில் சுற்றிக் காட்டுவது பற்றி

கேள்வி: "பேராக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறு பட்டணம் எங்களுடையது. முதலாம் ஆண்டுப் பதிவுக்கு முன்பாக எங்கள் தமிழ்ப்பள்ளியைச் சுற்றிக் காட்டும் 360 பாகைக் காணொலி ஒன்றை எடுக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் முடிவு செய்தோம். இரண்டு லென்ஸ் கொண்ட கேமரா வாங்கிவிட்டோம். கையில் பிடித்து நடந்துகொண்டே ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். வகுப்பறைகளின் சன்னல் கம்பிகள் முறிந்து தெரிகின்றன. கண்ணில் மாட்டிப் பார்க்கும் ஹெட்செட்டில் பார்த்த இரண்டு அம்மாக்களுக்குத் தலை சுற்றிவிட்டது. கேமராவை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? இரு லென்ஸ்களின் படங்களும் சேரும் தையல் கண்ணில் படாமல் எடுப்பது எப்படி? நடந்து எடுக்கலாமா, கூடாதா?"

வணக்கம். மூன்று கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அவை மூன்றும் ஒரே கேள்விதான்: கேமராவுக்கு மிக அருகில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? உயரம் என்பது கேமராவுக்கும் தரைக்கும் உள்ள தூரம். சன்னல் கம்பி முறிவது, கேமராவுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் போதாததால். தலை சுற்றியதும் பெரும்பாலும் அதே சுவரால்தான். திருமணக் காணொலி எடுப்பவனாகத் தொழிலுக்கு வந்து, கடந்த எட்டு ஆண்டுகளாகப் பள்ளிகள், ஆலயங்கள், தோட்ட மண்டபங்கள் ஆகியவற்றை இந்த வகைக் கேமராவில் எடுத்து வருகிறேன். கீழே சொல்வதில் தையலைப் பற்றிய பகுதி வடிவியல் கணக்கு. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. உயரத்தைப் பற்றியும் காட்சியின் நீளத்தைப் பற்றியும் சொல்வது என் தீர்ப்பு. வேறொருவர் சற்று மாற்றிச் சொல்லலாம்.

முதலில் கம்பிகள். உங்கள் கேமராவில் முன்னும் பின்னுமாக இரண்டு லென்ஸ்கள் முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரைக்கோளத்தைவிடச் சற்று அதிகமாகவே பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து பார்க்கும் அந்த ஓரப் பட்டையில்தான் மென்பொருள் இரு படங்களையும் தைக்கிறது. கேமராவின் விளிம்பை ஒட்டி ஒரு பெரிய வளையத்தை எல்லாத் திசைக்கும் விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். முன் லென்ஸ் வாசலைப் பார்த்தால் அந்த வளையம் இடப்பக்கச் சுவரில் ஏறி, தலைக்கு மேலே கூரையைத் தொட்டு, வலப்பக்கச் சுவரில் இறங்கி, காலடியில் வந்து மூடுகிறது. தையல் அந்த வளையத்தில் மட்டும்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டு லென்ஸ்களும் ஒரே புள்ளியிலிருந்து உலகைப் பார்க்கவில்லை. மெல்லிய கேமராக்களில்கூட அவற்றின் பார்வைப் புள்ளிகளுக்கு இடையே சில செ.மீ. இருக்கும். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவும். தொலைவில் உள்ள செம்பனை மரம் தாவாது. கேமராவுக்கும் இதேதான். 3 செ.மீ. இடைவெளி உள்ள கேமராவுக்கு, தையல் வளையத்தில் 1 மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருள் இரு லென்ஸ்களுக்கும் இடையே சுமார் 1.7 பாகை தள்ளித் தெரியும். உங்கள் காணொலி 5760 பிக்சல் அகலம் என்றால் ஒரு பாகைக்கு 16 பிக்சல். ஆக, 1 மீட்டரில் தள்ளல் 27 பிக்சல். 3 மீட்டரில் அது 9 பிக்சலாகக் குறைகிறது. 10 மீட்டரில் 3 பிக்சலுக்கும் கீழே போய்விடுகிறது. அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

மென்பொருள் சும்மா இருப்பதில்லை. இரு படங்களிலும் ஒரே பொருள் எங்கே இருக்கிறது என்று தேடி, இழுத்துப் பொருத்தப் பார்க்கிறது. புல்தரை, மரம், சுவரோவியம் போன்றவற்றில் அது நன்றாகவே செய்கிறது. ஆனால் சன்னல் கம்பிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால், இந்தப் படத்தில் உள்ள நான்காவது கம்பியை அந்தப் படத்தில் உள்ள ஐந்தாவது கம்பியோடு சேர்த்துவிடுகிறது. கம்பி முறிந்தும் வளைந்தும் தெரிவதற்குக் காரணம் இதுதான். தரைப் பளிங்குக் கோடுகளிலும், வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் இதே கோளாறு வரும். கேமரா பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் தாழ்வாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பள்ளிக் கட்டடங்களில் வழக்கமாக ஒரு பக்கம் வகுப்பறைச் சுவரும் சன்னல்களும், மறுபக்கம் தூண்களும் கைப்பிடிக் கம்பியும் இருக்கும். அகலம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கேமராவை நிறுத்தினால் இருபுறமும் 1 மீட்டர்தான். நீங்கள் நடந்தபோது முன் லென்ஸ் தாழ்வாரத்தின் நீளவாக்கில் பார்த்திருக்கும். எல்லோரும் இயல்பாக அப்படித்தான் பிடிப்பார்கள். அப்போது தையல் வளையம் நேராக அந்தச் சன்னல்கள் மேலேயே விழுகிறது. மிக மோசமான பொருள், மிக மோசமான தூரத்தில்.

இதற்கு வழி, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பது. ஒரு லென்ஸ் வகுப்பறைச் சுவரை நேராகப் பார்க்கட்டும், மற்றது தூண்களையும் திடலையும் பார்க்கட்டும். இப்போது சன்னல்கள் முழுவதும் ஒரே லென்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே தைக்க எதுவும் இல்லை. தையல் வளையம் தாழ்வாரத்தின் இரு முனைகளிலும் விழுகிறது. அவை 10, 15 மீட்டர் தள்ளி இருப்பதால் தள்ளல் மறைந்துவிடும். கூரையிலும் தரையிலும் ஒரு கோடு மிச்சம் இருக்கும்; தரைக் கோடு தாங்கியின் அடியோடு சேர்ந்துவிடும், கூரையை யாரும் அதிகம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தொகுக்கும்போது காட்சியின் தொடக்கத் திசையை 90 பாகை திருப்பி, தாழ்வாரம் பார்வையாளருக்கு நேரே வரும்படி அமைத்துவிட்டால் போதும். கேமராவை எந்தப் பக்கமாகத் திருப்பி எடுத்தீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். அகன்ற லென்ஸின் ஓரத்தில் கூர்மை குறையும். பக்கவாட்டில் திருப்பினால் பார்வையாளர் முதலில் பார்க்கும் தாழ்வாரத்தின் நீளம் இரு லென்ஸ்களின் ஓரத்திலிருந்து வருகிறது. அதனால் சற்று மென்மையாகத் தெரியும். முறிந்த கம்பியா, சற்று மென்மையான தூரமா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கண் மென்மையை மன்னித்துவிடும், முறிவில் மாட்டிக்கொள்ளும். மேலும், பேசுவதற்கு ஓர் ஆசிரியையை நிறுத்தினால் தாழ்வாரத்தின் சரியான நடுக்கோட்டில் நிறுத்தாதீர்கள். அது இப்போது தையலின் மேல் இருக்கிறது. 3 மீட்டர் தள்ளி, சுவர்ப் பக்கமாகவோ தூண் பக்கமாகவோ ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள். முகம் தையலில் விழுந்தால் ஒரு காது மறையும், அல்லது தோள் இரண்டாகும். தரையில் சிறு சுண்ணக்கட்டிக் குறி ஒன்று போட்டு வைத்தால் போதும்.

பொதுவாக நான் கைக்கொள்ளும் ஒழுங்கு இது. ஓரிடத்தில் தாங்கியை ஊன்றியதும், கேமரா இருக்கும் இடத்தில் என் தலையை வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். எனக்கு மிக அருகில் இருப்பது எது என்று தேடி, அதை நோக்கி லென்ஸைத் திருப்புவேன். மிகத் தொலைவில் இருப்பது, அல்லது கோடுகளே இல்லாமல் வெறுமையாக இருப்பது எதுவோ, அந்தப் பக்கம் தையலை விடுவேன். திடலில் நின்றால் எப்படி வைத்தாலும் சரியாக வரும். சிற்றுண்டிச்சாலையில் மேசைகளும், நூல்நிலையத்தில் அலமாரிகளும், கணினி அறையில் திரைகளும்தான் சோதிக்கும். லென்ஸ் பார்க்கும் திசையில் ஆட்கள் 1 மீட்டர் வரை நெருங்கலாம். தையல் பக்கத்தில் 2 மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள். எடுத்ததும் அங்கேயே கைப்பேசியில் திருப்பிப் பாருங்கள்: லென்ஸ் திசையிலிருந்து இடமும் வலமும் 90 பாகை திருப்பி, தூண், கூரைத் தகட்டின் விளிம்பு, பளிங்குக் கோடு ஆகிய மூன்றும் உடையாமல் போகின்றனவா என்று பாருங்கள். தாங்கியை அரை மீட்டர் நகர்த்தினால் சரியாகிவிடும் தவற்றை, வீட்டுக்குப் போய்க் கணினியில் மணிக்கணக்கில் சரிசெய்ய முடியாமல் திண்டாடியவர்களை நான் அறிவேன்.

இனி உயரம். கேமராவின் உயரம்தான் பார்ப்பவருடைய உயரம். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டியதும் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை வைத்துத்தான் மூளை "நான் இவ்வளவு உயரம்" என்று முடிவு செய்கிறது. 2 மீட்டரில் வைத்தால் பார்ப்பவர் மிதப்பது போல உணர்வார்; பிள்ளைகள் உச்சந்தலைகளாகத் தெரிவார்கள். 80 செ.மீ.யில் வைத்தால் தரை முகத்துக்கு வந்துவிடும். வளர்ந்தவர்களின் கண் மட்டம் 1.5 மீட்டரை ஒட்டி இருக்கிறது. முதலாம் ஆண்டில் சேரும் ஏழு வயதுப் பிள்ளையின் கண் மட்டம் 1.1 மீட்டர் அளவில் இருக்கும். உங்கள் காணொலியைப் பார்க்கப்போகிறவர்கள் பெற்றோர். காணொலியில் வரப்போகிறவர்கள் பிள்ளைகள். அதனால் வெளியிடங்களில் 1.4 மீட்டர் என்பது என் தேர்வு. அம்மா சற்றே குனிந்து பிள்ளையோடு பேசும் உயரம் அது. பெற்றோருக்கு அந்நியமாகத் தோன்றாது. பிள்ளைகளின் முகமும் முகமாகவே தெரியும்.

வகுப்பறையில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் 1.2 மீட்டருக்கு இறக்குங்கள். ஆனால் மேசை வரிசைகளுக்கு நடுவே ஊன்றாதீர்கள். அங்கே இருபுறமும் மேசை விளிம்புகள் 40 செ.மீ.யில் இருக்கும், எந்தப் பக்கம் திருப்பினாலும் தையல் ஏதாவது ஒரு மேசையை வெட்டும். வெண்பலகைக்கும் முதல் வரிசைக்கும் இடையே, ஆசிரியர் நிற்கும் இடத்தில் வையுங்கள். ஒரு லென்ஸ் பிள்ளைகளைப் பார்க்கட்டும், மற்றது பலகையைப் பார்க்கட்டும். இடமும் வலமும் சுவர் வரை வெற்றிடம். தையல் அங்கே நிம்மதியாக விழும். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே உயரம் 20 செ.மீ. மாறினால் யாரும் உணர்வதில்லை. அரை மீட்டர் மாறினால் உடல் திடுக்கிடுகிறது. ஆகவே ஓரிடத்தில் அழகுக்காகத் தாங்கியை உயர்த்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். திடலையும் கொடிமரத்தையும் மேலிருந்து காட்ட வேண்டுமானால் அதைத் தனிப் படமாகக் கொடுங்கள்.

தாங்கி பற்றி ஒன்று. சாதாரண முக்காலியின் கால்கள் அகலமாக விரிந்து படத்தில் விழுந்துவிடும். மெல்லிய ஒற்றைத் தண்டும், கீழே சிறு அடியும் உள்ளதை வாங்குங்கள். தண்டு கேமராவுக்கு நேர்க்கீழே தையல் வளையத்துக்குள் நிற்பதால் மென்பொருள் அதைத் தானாகவே மறைத்துவிடும். தண்டு கேமராவோடு ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் மறையாது. தண்டு சாய்ந்தால் தொடுவானமும் சாய வாய்ப்புண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தைத்து முடித்த காணொலியைச் சுற்றிப் பார்க்கும் வடிவில் அல்லாமல், விரித்த தட்டைப் படமாகத் திறந்து பாருங்கள். திடலுக்கு அப்பால் உள்ள தொடுவானம் இடமிருந்து வலம் ஒரே நேர்கோடாகப் போனால் சரி. அது அலைபோல ஏறி இறங்கினால் கேமரா சாய்ந்திருக்கிறது. ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சாய்வு பெரிதாகத் தெரியாது. தலையைத் திருப்பும்போதுதான் பள்ளியே கப்பல்போல ஆடும், வயிற்றைப் புரட்டும். தொகுப்பு மென்பொருளில் சாய்வைத் திருத்திவிடலாம்.

நடந்து எடுப்பது பற்றி நேரடியாகச் சொல்கிறேன்: தாழ்வாரத்தில் நடந்து எடுக்காதீர்கள். கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. அந்த முரண்தான் தலைசுற்றலாக வருகிறது. முரண் எவ்வளவு பெரியது என்பதையும் அருகில் உள்ள பொருளே தீர்மானிக்கிறது. ஒரு வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடந்தால், 1 மீட்டர் தள்ளி உள்ள சுவர் கண் முன்னால் வினாடிக்கு 57 பாகை வேகத்தில் ஓடுகிறது. அதே வேகத்தில் திடலின் நடுவே நடந்தால், 10 மீட்டர் தள்ளி உள்ள கோல்கம்பம் வினாடிக்கு 6 பாகைதான் நகர்கிறது. நடப்பவர் நீங்களேதான், கால்களும் அவைதான்; ஆனால் பார்ப்பவருக்குத் தாழ்வாரத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வேகம்.

"கேமராவில் அசைவைச் சமன்செய்யும் வசதி இருக்கிறதே" என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். அந்த வசதி கேமரா திரும்புவதையும் சாய்வதையும் மிக நன்றாகச் சரிசெய்யும். கேமரா மேலும் கீழும் இடம்பெயர்வதை அதனால் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் இடம்பெயர்ந்தால் அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் வெவ்வேறு அளவு நகர்கின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் 4, 5 செ.மீ. எழுந்து தாழ்கிறது. 5 செ.மீ. ஏற்றம் என்பது 1 மீட்டரில் உள்ள சன்னலுக்கு ஏறத்தாழ 3 பாகைக் குதிப்பு. 20 மீட்டரில் உள்ள மரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. உங்கள் அம்மாக்கள் இருவரும் பார்த்தது அந்தக் குதிப்பைத்தான். கைப்பேசியில் சிறிதாகப் பார்த்தபோது உங்கள் குழுவுக்கு அது தெரிந்திருக்காது. அதனால் ஹெட்செட்டில் காட்டப்போகும் எதையும் ஹெட்செட்டில் பார்த்தே ஒப்புதல் கொடுங்கள். அடிக்கடி பயணத்தில் வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ள ஒருவர் குழுவில் இருந்தால், முதலில் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம். ஓர் இளைஞருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து ஒரு பாட்டிக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது.

ஓர் அனுபவம். முன்பு ஒரு தோட்டப் பள்ளிக்காக வாயிலிலிருந்து மண்டபம் வரை ஒரே மூச்சில் நடந்து எடுத்துக் கொடுத்தேன். திறந்த நாளில் ஒரு பாட்டி அதை மாட்டிக்கொண்டு நின்றபடி பார்த்தார். கட்டடத்தின் முனையில் நான் வலப்பக்கம் திரும்பிய இடத்தில் அவர் இடப்பக்கமாகச் சரிந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். பேரன் தாங்கிப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். அன்றிலிருந்து நான் கட்டடங்களுக்கு நடுவே கேமராவை நகர்த்துவதில்லை. ஹெட்செட்டில் யாரையும் நின்று பார்க்க விடுவதும் இல்லை. பார்ப்பவரை நாமாகத் திருப்புவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போவதை உடல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், திருப்பத்தைப் பொறுக்காது. நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஓர் இடத்தில் செய்யலாம்: திடலின் நடுவே, மெதுவாக, நேராக, சக்கரம் வைத்த தாங்கியில், பத்து வினாடி.

நகராமல் எப்படிச் சுற்றிக் காட்டுவது? ஊன்றி எடுத்த ஏழெட்டுக் காட்சிகளால். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது; சாதாரணக் காணொலியிலிருந்து வருபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஒரு காட்சி வெட்டுப்பட்டு அடுத்தது வரும்போது, பார்ப்பவர் எந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதே திசையில்தான் புதிய காட்சியையும் காண்பார். நீங்கள் மண்டப வாயிலை "நேரே" வைத்திருக்கலாம்; அவர் வலப்பக்கம் திரும்பியிருந்தால் அவருக்குக் கிடைப்பது மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள குப்பைத் தொட்டி. அதனால் ஒரு வழிகாட்டியை வையுங்கள். ஆறாம் ஆண்டு மாணவி ஒருவர் வாயிலில் நின்று வரவேற்கட்டும். பேசி முடித்ததும் சபைகூடல் தளத்தை நோக்கி நடந்து போகட்டும். பார்ப்பவரின் கண் தானாக அவரைப் பின்தொடரும். அவர் வலப்பக்கம் 60 பாகையில் நடந்து மறைகிறார் என்றால், அடுத்த காட்சியைத் தொகுப்பில் திருப்பி, தளமும் அங்கே காத்து நிற்கும் அதே மாணவியும் வலப்பக்கம் 60 பாகையில் வரும்படி அமையுங்கள். பார்ப்பவர் கழுத்தை அசைக்காமலேயே அடுத்த இடத்துக்கு வந்துவிடுவார். இரண்டு காட்சிகளுக்கும் இடையே அரை வினாடி கருமை கொடுத்தால் இன்னும் இதமாக இருக்கும்.

ஆனால் 60, 60 என்று ஒரே பக்கம் திருப்பிக்கொண்டே போனால் மூன்று காட்சிகளில் அவர் முதுகுப் பக்கம் திரும்பியிருப்பார். திறந்த நாளில் பெற்றோர் உட்காருவது சுழலாத பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தபடி பக்கத்துக்கு 70, 80 பாகைதான் வசதியாகத் திரும்ப முடியும். ஒரு காட்சியில் வலப்பக்கம் போனால் அடுத்ததில் இடப்பக்கமாக மீட்டுக்கொண்டு வாருங்கள். முக்கியமான எதையும் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். பின்பக்கம் ஆர்வம் உள்ளவருக்குக் கிடைக்கும் கூடுதல் காட்சியாக இருக்கட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் 25 வினாடி அளவு கொடுங்கள். முதல் நான்கைந்து வினாடியில் யாரும் பேச வேண்டாம். அந்த நேரத்தில் அவர் சுற்றிப் பார்த்து "நான் எங்கே இருக்கிறேன்" என்று உணர்ந்துகொள்வார். வாயில், சபைகூடல் தளம், தாழ்வாரம், முதலாம் ஆண்டு வகுப்பறை, நூல்நிலையம், சிற்றுண்டிச்சாலை, திடல் என்று ஏழு இடம் எடுத்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் பள்ளிக்கு அது போதும். கழிப்பறையையும் ஒரு சாதாரணப் படமாகச் சேர்த்துக் கொடுங்கள். முதலாம் ஆண்டுப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒரு லென்ஸ் வெயிலையும் மற்றது நிழலையும் பார்க்கும். கேமராவைத் தன்போக்கில் விட்டால் வானத்தில் பாதி வெளிறிப் பாதி நீலமாக, நடுவே கோடு போட்டதுபோலத் தையல் தெரியும். பேராக்கில் உச்சிவேளை என்பது கடிகாரத்தில் ஒரு மணியைத் தாண்டித்தான் வருகிறது. அப்போது சூரியன் சரியாகத் தையலின் உச்சியில் நின்று இரு லென்ஸ்களிலும் ஒளித்தெறிப்பை ஏற்படுத்தும். மேகம் மூடிய, ஆனால் வெளிச்சமான காலைதான் நமக்கு ஏற்றது. அப்படி ஒரு நாளுக்குக் காத்திருப்பது வீணல்ல. ஒளி அளவையும் வெண்சமநிலையையும் ஒவ்வோர் இடத்திலும் கையால் பூட்டிவிடுங்கள். குளிரூட்டிய ஆசிரியர் அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். அது கைப்பேசியின் சிறு திரையில் தெரியாமல் போய்விடும். அரை மணி நேரம் முன்பே பையோடு தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள்.

எல்லாப் பக்கமும் படத்தில் விழும் என்பதால் எடுப்பவர் மறைய வேண்டும். தூணுக்குப் பின்னால் நின்று கைப்பேசியால் இயக்குங்கள். படத்தில் விழும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதி மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. சாதாரணக் காணொலியில் ஒரு பிள்ளையை ஓரமாக வெட்டிவிடலாம். இதில் வெட்டுவதற்கு ஓரம் என்பதே கிடையாது. அதனால் நான் முழுப் பள்ளி நாளில் எடுப்பதில்லை. ஒரு சனிக்கிழமையில், ஒப்புதல் வந்த ஒரே ஒரு வகுப்புப் பிள்ளைகளை வைத்து எல்லா இடங்களையும் எடுத்துவிடுவேன். எடுப்பதற்கு முன் அவர்களைக் கேமராவைச் சுற்றி வந்து ஆசை தீரப் பார்க்க விட்டுவிடுங்கள். பிறகு அதை வெறித்துப் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, கொண்டு சேர்ப்பது. கோப்பைப் புலனக் குழுவில் நேரடியாக அனுப்பாதீர்கள். அங்கே அது சுற்றிப் பார்க்க முடியாத, உலக வரைபடம்போல நீண்டு வளைந்த தட்டைப் படமாகத்தான் போய்ச் சேரும். பெற்றோர் "படம் கெட்டுவிட்டது" என்று நினைப்பார்கள். யூடியூபில் ஏற்றி, இணைப்பை மட்டும் அனுப்புங்கள். ஏற்றும் கோப்பில் "இது கோளக் காட்சி" என்ற குறிப்பு இருந்தால்தான் யூடியூப் அதைச் சுழலவிடும். கேமராவின் சொந்த மென்பொருளிலிருந்து நேராக வெளியிட்டால் அந்தக் குறிப்பு சேர்ந்தே வரும். வேறு தொகுப்பு மென்பொருளுக்குள் போய் வந்தால் தொலைந்துபோகலாம். அப்போது Spatial Media Metadata Injector என்ற இலவசக் கருவியால் திரும்பச் சேர்த்துவிடலாம். ஏற்றிய உடனே தெளிவு குறைவாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். உயர் தெளிவுப் பிரதி தயாராகச் சில மணி நேரம் ஆகும். அது வந்த பிறகு இணைப்பை அனுப்புங்கள்.

இந்த வாரமே தாழ்வாரத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே இடத்தில், 1.4 மீட்டர் உயரத்தில், முதலில் லென்ஸ் நீளவாக்கில் பார்க்கும்படி ஒரு நிமிடம், பிறகு 90 பாகை திருப்பிச் சுவரைப் பார்க்கும்படி ஒரு நிமிடம். சன்னல் கம்பிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்பிய பிறகும் முறிந்தால், தாழ்வாரத்தின் அகலத்தையும் தூண்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து இங்கே எழுதுங்கள். தாங்கியை எங்கே ஊன்றலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.